எங்கள் தோட்டத்துக் காப்பியை நான் முதன்முதலில் குடித்தது காரைக்குடியில்

எங்கள் தோட்டத்தில் நல்லதாக விளைந்த காப்பியை எங்கள் வீட்டில் யாரும் குடித்ததில்லை. கீழ்ப்பழனி மலையில், தாண்டிக்குடிப் பக்கம் அப்பாவுக்குக் காப்பித் தோட்டம். மார்கழி, தை மாதங்களில் பறிக்கிற நல்ல பழம் எல்லாம் தோல் நீக்கி, கழுவி, காய்ந்து, மூட்டையாகி மலையிறங்கிப் பட்டிவீரன்பட்டிக்குப் போய்விடும். வீட்டுக்கு நிற்பது தண்ணீரில் மிதக்கும் சொத்தைப் பழம், உதிர்ந்து கிடந்து பொறுக்கியது, கடைசிப் பறிப்பில் வந்த பச்சைக் காய். அம்மா அதை வெயிலில் தோலோடு காயவைத்து, உரலில் இடித்து, கரிந்துபோகும் அளவுக்கு வறுத்து, கருப்பட்டி போட்டுத் தருவார். காப்பி என்றால் எங்களுக்கு அதுதான்.

மலையில் பெரும்பாலான வீடுகளில் இதுதான் வழக்கம், இதற்கு ஒரு பழைய காரணமும் உண்டு. 1942ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு விளைந்த காப்பி காப்பி வாரியத்தின் பொதுத் தொகுப்புக்குத்தான் போகவேண்டும். அங்கே தரம் பிரித்து எல்லாத் தோட்டத்துக் கொட்டையையும் ஒன்றாகச் சேர்த்து விற்பார்கள். எது யாருடையது என்று தெரிய வழியே இல்லை. 1990களின் நடுவில் அந்த ஏற்பாடு முடிந்து, யாருக்கு வேண்டுமானாலும் விற்கலாம் என்று ஆனது. ஆனாலும் தாத்தா காலத்துப் பழக்கம் அப்படியே நின்றது. மூட்டையைக் கொடுத்தோம், எடை போட்டார்கள், பணம் வந்தது, அத்தோடு சரி. அந்தக் கொட்டை எப்படி ருசிக்கிறது என்று யாரும் சொல்லவும் இல்லை, நாங்கள் கேட்கவும் இல்லை.

கல்யாணமாகி நான் காரைக்குடிக்கு வந்தேன். இங்கே காப்பி என்றால் வேறு கதை. பித்தளை ஃபில்டரில் இறங்கிய கெட்டி டிகாக்‌ஷன், சுண்டக் காய்ச்சிய பால், டவரா. என் அத்தைக்குக் காலையில் அது ஆறிப்போனால் அன்றைய பொழுதே சரியில்லை. சிக்கரி கலந்த தூள்தான் வாங்குவோம். அதை நான் குறை சொல்லவில்லை, அந்தக் காப்பி எனக்கும் பிடிக்கும். சட்டப்படி சிக்கரி 49 சதவீதம் வரை கலக்கலாம், பாக்கெட்டில் எவ்வளவு என்று போட்டிருக்கவேண்டும். பாதிக்குப் பாதி சிக்கரி, கருக வறுத்த கொட்டை, மேலே பால், சர்க்கரை. இத்தனைக்கும் அடியில் கொட்டையின் சொந்த ருசி என்ன என்று தேடினால் கிடைக்காது. பிறகு இந்த விஷயத்துக்கு வருகிறேன்.

போன அறுவடையில் அப்பா கொஞ்சம் மூட்டையை மட்டும் தனியாக ஒரு கோயம்புத்தூர் வறுவல்காரருக்குக் கொடுத்தார். நன்றாகப் பழுத்ததை மட்டும் பறித்துத் தனியாகக் கழுவித் தந்தால் கூடுதல் விலை என்று பேச்சு. சில மாதம் கழித்து ஒரு நாள் போன் செய்தார். “தாயி, நம்ம கொட்டைய உங்க ஊர்லயே ஒரு காப்பிக் கடையில போட்டுக் குடுக்குறாங்களாம். பையில நம்ம ஊர் பேரு இருக்காம். போய்ப் பாத்துட்டு எப்படி இருக்குன்னு சொல்லு.”

கடையை ஒரு இளைஞர் நடத்துகிறார். சென்னையில் வேலை பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பியவர். பழைய வீடு ஒன்றின் முகப்பைக் கடையாக்கி, ஆத்தங்குடிக் கல் பாவிய தரையை அப்படியே வைத்திருக்கிறார். அத்தையும் என்னோடு வந்தார். அலமாரியில் இருந்த பையில் தாண்டிக்குடி, எஸ்.795, கழுவிய அராபிகா, பறித்த மாதம் எல்லாம் எழுதியிருந்தது. எஸ்.795 என்பது 1940களில் வந்த ரகம், எங்கள் மலையில் இன்றும் நிறையத் தோட்டங்களில் நிற்பது அதுதான். “இது எங்க அப்பா தோட்டம் தம்பி” என்றேன். அவர் கையிலிருந்த வேலையை அப்படியே வைத்துவிட்டு வந்தார்.

எடைபோட்டு 15 கிராம் அரைத்து, தாள் வடிகட்டியில் போட்டு, கொதித்து அடங்கிய தண்ணீரை 240 மில்லி வரை மெதுவாக வட்டமாக ஊற்றினார். பால் இல்லை, சர்க்கரை இல்லை. கண்ணாடி டம்ளரில் பார்த்தால் தேநீர் மாதிரி சிவப்பு. முதல் வாய் எனக்குப் புளித்தது. காப்பி புளிக்கலாமா என்றுதான் தோன்றியது. “ஆற விடுங்க அக்கா, சூட்டுல ஒண்ணும் தெரியாது” என்றார். வெதுவெதுப்பானதும் மறுபடி குடித்தேன். அந்தப் புளிப்பு அப்படியே கமலா ஆரஞ்சாக மாறியிருந்தது, அடியில் வெல்லப்பாகின் இனிப்பு. கசப்பு என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. இவ்வளவு நாள் அப்பா விற்றது இதைத்தானா என்று இருந்தது. நான் அழுதேன், மறைக்க என்ன இருக்கிறது.

எங்கள் தோட்டத்தில் ஆரஞ்சு மரமும் நிற்கிறது. அதனால்தான் இந்த வாசம் என்று கடையில் யாரோ சொன்னார்கள். அழகான பேச்சுதான், ஆனால் உண்மையில்லை. பக்கத்து மரத்தின் ருசி காப்பிக் கொட்டைக்குள் போகாது. மலை உயரத்தில் குளிர் அதிகம், பழம் மெதுவாகப் பழுக்கும், கொட்டையில் சர்க்கரையும் அமிலமும் நிதானமாகச் சேரும். எலுமிச்சையிலும் ஆரஞ்சிலும் இருக்கும் சிட்ரிக் அமிலம் காப்பிக் கொட்டையிலும் இருக்கிறது. அதைக் கரித்துவிடாமல் வறுத்தால் நாக்குக்கு ஆரஞ்சு ஞாபகம் வருகிறது. நிழல் மரம் செய்யும் உதவி வேறு, வெயிலைக் குறைத்துப் பழுப்பதைத் தாமதமாக்குவது.

சரி, இதோடு முடிந்திருந்தால் நல்ல ஞாபகம் ஒன்று மிஞ்சியிருக்கும், அவ்வளவுதான். அடுத்த வாரம் உறவினர்களைக் கூட்டிக்கொண்டு மறுபடி போனபோது, எனக்கு வந்த கப் நன்றாக இருந்தது, பக்கத்தில் இருந்தவருக்கு வந்தது நாறியது. ஒரே பை, ஒரே கை. அத்தை அந்தக் கப்பை வாங்கி மோந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: “பழைய சோத்துப் பானையக் கழுவாம மூடி வச்சா வரும்ல, அந்த வாடை.” தம்பி முகம் வாடிவிட்டது. இந்தப் பையில் அப்பப்போ இப்படி வருகிறது, என்னவென்று தெரியாமல் அந்தக் கப்பைக் கொட்டிவிட்டு வேறு போட்டுத் தருகிறேன் என்றார்.

அன்று கடை ஓய்ந்த பிறகு அவர் செய்துகாட்டியதுதான் எனக்கு மிகப் பெரிய பாடம். ஐந்து டம்ளரை வரிசையாக வைத்தார். ஒவ்வொன்றுக்கும் 10 கிராம் கொட்டையைத் தனித்தனியாக நிறுத்து, தனித்தனியாக அரைத்தார், நடுவில் அரவை எந்திரத்தைத் துடைத்துக்கொண்டே. மொத்தமாக அரைத்துப் பிரித்தால் இந்தச் சோதனைக்கு அர்த்தமே இல்லை. தூள் ரவை பதத்தில் இருந்தது. கொதித்த தண்ணீரை ஒரு நிமிடத்துக்குள் அடங்கவிட்டு டம்ளருக்கு 180 மில்லி ஊற்றினார். தூள் மேலே ஆடையாகக் கட்டியது. நாலு நிமிடம் கழித்து, மூக்கை டம்ளருக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கரண்டியால் அந்த ஆடையை உடைத்தார். வாசம் முழுக்க வெளியே வருவது அந்த நொடியில்தான். பிறகு நுரையை எடுத்துவிட்டு, ஆற ஆறக் கரண்டியில் எடுத்து உறிஞ்சிப் பார்க்கவேண்டும்.

நாலு டம்ளரில் ஆரஞ்சு. ஒன்றில் மட்டும் அந்தப் பானை வாடை. அத்தை எந்த டம்ளர் என்று யாரும் சொல்லாமலே காட்டிவிட்டார்.

இதில் என்ன தெரிகிறது என்றால், கோளாறு எந்த இடத்தில் என்று தெரிகிறது. ஐந்தும் நாறினால் அது மொத்தப் பழத்துக்கும் நேர்ந்தது. பறித்த பழம் அன்றைக்கே தோல் நீங்காமல் சாக்கில் ராத்திரி முழுக்கக் கிடந்து சூடேறியிருக்கலாம். தொட்டியில் ஊறவேண்டிய நேரத்தைத் தாண்டி ஊறியிருக்கலாம். அப்படியிருந்தால் தப்பிக்கும் டம்ளர் இருக்காது. ஒன்றே ஒன்று நாறினால் கூட்டத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கெட்ட கொட்டை கலந்திருக்கிறது. 10 கிராமில் எழுபது எண்பது கொட்டை இருக்கும், அதில் அழுகின கொட்டை ஒன்று விழுந்தாலே அந்த டம்ளர் போச்சு. வறுத்த பிறகு கண்ணால் பார்த்துப் பொறுக்க முடியாது, மற்றதைப் போலவேதான் இருக்கும். பச்சைக் கொட்டையிலும் பாதி நேரம் தெரியாது. கீறி மோந்தால்தான் வாடை வரும்.

சாயங்காலமே அப்பாவுக்குப் போன் போட்டேன். முதலில் அவருக்குக் கோபம், எங்கள் கொட்டையிலா என்று. அப்புறம், “அஞ்சுல ஒண்ணுதானா? அப்ப சாக்குல கிடந்தது இல்ல” என்று தானே சொன்னார். நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. வேலை அவர் கையில் இருப்பது, ருசிதான் அவருக்கு வந்து சேராமல் இருந்தது.

அடுத்த முறை ஊருக்குப் போனபோது இரண்டு பேரும் பழம் போகிற வழியில் ஒவ்வொரு இடமாகப் பார்த்துக்கொண்டே போனோம். பறித்த பழத்தைத் தண்ணீரில் கொட்டினால் சொத்தை மிதக்கும், அதை வடித்துவிடுவார்கள். மூழ்கியது தோல் நீக்கும் எந்திரமான பல்பருக்குள் போய்த் தோல் பிதுங்கி, வழுவழு என்று கொட்டை மட்டும் வாய்க்கால் வழியே தொட்டிக்கு வரும். அந்த வழுவழுப்பு தொட்டியில் தானாகப் புளித்துக் கரையவேண்டும். மார்கழிக் குளிரில் எங்கள் பக்கம் 24 மணியிலிருந்து 36 மணி நேரம் ஆகும், வெயில் அடித்தால் சீக்கிரம். அதனால் கடிகாரத்தைப் பார்த்து எடுப்பதில்லை. ஒரு கை அள்ளிக் கழுவித் தேய்த்தால் கூழாங்கல் மாதிரி கரகரக்க வேண்டும். கொட்டைக் குவியலில் குச்சியைக் குத்தி எடுத்தால் குழி மூடாமல் நிற்கவேண்டும். அந்த நேரத்தில் கழுவிவிட வேண்டும், காத்திருக்கக் கூடாது. அப்பா இதிலெல்லாம் கெட்டி. தொட்டி வேலையில் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

குறை பல்பரில் இருந்தது. அந்த வருஷம் தண்ணீர் தட்டுப்பாடு. ராத்திரி பழம் முடிந்ததும் தண்ணீரை மிச்சம் பிடிக்க உடனே வாய்க்காலை அடைத்திருக்கிறார்கள். எந்திரத்தின் தகட்டுக்குப் பின்னால் இருக்கும் சந்தில், கொட்டை இறங்கும் வாயில், தொட்டியின் சதுர மூலைகளில் கையளவு கொட்டை ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். மறுநாள் புதுப் பழத்தோடு சேர்ந்து அதுவும் தொட்டிக்குள் போகும். புதுக் கொட்டை ஒருநாள் ஊறும்போது அந்தப் பழைய கொட்டை இரண்டு நாள், மூலையில் சிக்கினது மூன்று நாளும் ஊறியிருக்கும். உள்ளே அழுகிவிடும். கழுவினால் போகாது, காய்ந்தாலும் போகாது. நான் தகட்டைக் கழற்றச் சொன்னபோது அறுவடை முடிந்து வெகுநாள் ஆகியிருந்தது, சந்தில் இன்னும் காய்ந்த கொட்டை ஒட்டிக்கொண்டு இருந்தது. அப்பா அதில் ஒன்றை நகத்தால் கீறி மோந்துவிட்டு என்னிடம் நீட்டினார். அதே வாடை. அத்தை சொன்ன பானை வாடை.

இதற்குச் செய்யவேண்டியது பெரிய செலவில்லை. ராத்திரி கடைசிப் பழம் இறங்கியதும் எந்திரத்தை வெறுமனே ஓடவிட்டுத் தண்ணீர் ஊற்றவேண்டும், சந்தில் மூங்கில் குச்சியால் தோண்டிவிட வேண்டும், தொட்டியைக் காலி செய்யும்போதெல்லாம் மூலையைத் தென்னை விளக்குமாற்றால் தேய்க்கவேண்டும். மறுநாள் ஆரம்பிக்கும் முன்னால் மறுபடி தண்ணீர் விட்டு, முதலில் வரும் சில கைப்பிடிக் கொட்டையைத் தனியே எடுத்துவிட வேண்டும், அது வீட்டுக் காப்பிக்குக் கூட வேண்டாம். தண்ணீர் குறைவான வருஷத்தில் இந்தத் தண்ணீரை மிச்சம் பிடிப்பதைவிடப் பழத்தின் ஒரு பங்கைத் தோலோடு காயவைத்துச் செர்ரியாக விற்பது நல்லது. செர்ரிக்கு விலை குறைவுதான், ஆனால் பல்பரும் வேண்டாம், தொட்டியும் வேண்டாம். அரைகுறையாகக் கழுவிய காப்பியைவிட ஒழுங்காகக் காய்ந்த செர்ரி மேல் என்பது என் அபிப்பிராயம்.

இனி முன்பு விட்ட இடத்துக்கு வருகிறேன். இந்தக் கோளாறு எத்தனை வருஷமாக இருந்தது என்று கேட்டால், பல்பர் வாங்கின நாளிலிருந்து இருந்திருக்கலாம் என்றுதான் அப்பாவும் நினைக்கிறார். யாருக்கும் தெரியவில்லை, ஏனென்றால் கருக வறுத்து, சிக்கரி கலந்து, பால் ஊற்றினால் அந்த வாடை அமுங்கிப்போகும். அமுங்காதது பால் இல்லாத காப்பியில்தான். வறுவல்காரர் நினைத்தாலும் அதை எடுக்க முடியாது. அதனால் கழுவிய காப்பியைத் தனி விலைக்குக் கொடுக்க நினைக்கிறவர்கள், வருஷத்தில் சில தடவையாவது தங்கள் கொட்டையைப் பால் இல்லாமல் குடித்துப் பார்ப்பது அவசியம் என்று சொல்வேன்.

அதற்குக் கடை வேண்டியதில்லை, அம்மாவே இப்போது செய்கிறார். கழுவி மேல் ஓட்டோடு காய்ந்த கொட்டையில் ஒரு கை எடுத்து, உரலில் லேசாக இடித்து மேல் ஓட்டைப் புடைத்துவிடுகிறார். இரும்புச் சட்டியில் நடுத்தரத் தீயில் கை விடாமல் கிளறவேண்டும். பத்து நிமிடத்துக்கு முன்பின்னாகப் பட்பட்டென்று வெடிக்கும். வெடிப்பு அடங்கும் சமயத்தில் இறக்கி முறத்தில் கொட்டி விசிறவேண்டும். எண்ணெய் கசியும்வரை விட்டால் பழைய காப்பிதான். ஒரு ராத்திரி மூடி வைத்து மறுநாள் அந்த ஐந்து டம்ளர். சட்டி வறுவல் ஒரே சீராக வராது, ஓரம் கருகின கசப்பு வரும், ஆரஞ்சு எல்லாம் அவ்வளவு தெளிவாகத் தெரியாது. அழுகல் வாடையும் மண் வாடையும் மட்டும் ஒளியாது. நமக்கு வேண்டியது அதுதானே. தண்ணீர் மட்டும் நல்ல குடிதண்ணீராக இருக்கட்டும், உப்புத் தண்ணீரில் புளிப்பு செத்துப்போய் நல்ல கொட்டையும் மந்தமாகத் தெரியும்.

தாண்டிக்குடியிலேயே காப்பி வாரியத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. வெள்ளைத் தண்டுத் துளைப்பான், இலைத்துரு என்று செடிக்கு என்ன வந்தாலும் எங்கள் ஊர்க்காரர்கள் அங்கே போய்க் கேட்பார்கள். ருசியைப் பற்றிக் கேட்கப் போனவர் என்று யாரையும் நான் பார்த்ததில்லை. இதையும் கேட்கலாம்.

பணக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எல்லாம் கனவு மாதிரி தோன்றும். 100 கிலோ பழத்தில் சுமார் 16 கிலோ பச்சைக் கொட்டை வரும். வறுத்தால் எடை குறைந்து 13 கிலோ. கப்புக்கு 15 கிராம் என்றால் 850 கப்புக்குக் கொஞ்சம் மேல். கடையில் ஒரு கப்பின் விலையோடு இதைப் பெருக்கிப் பார்த்து அண்ணனுக்கு மனசு கொதித்தது. நான் அப்படிப் பார்க்கவில்லை. நடுவில் ஓடு நீக்கித் தரம் பிரிக்கும் க்யூரிங், வறுவல், பால், வாடகை, கொட்டிவிட்ட கப் எல்லாம் இருக்கிறது. அப்பா கேட்கவேண்டியது கப் விலையில் பங்கு இல்லை, கெட்ட கொட்டை இல்லாத மூட்டைக்குக் கூடுதல் விலை. அதைக் கேட்கக் கையில் அத்தாட்சி வேண்டும்.

அதனால் இந்த அறுவடையில் அப்பா ஒவ்வொரு தொட்டிக் கொட்டையிலும் கால் கிலோ தனியாக எடுத்து, பையில் தேதி எழுதி எனக்குப் பேருந்தில் அனுப்பினார். வத்தலக்குண்டு வந்து, மதுரை வந்து, எங்கள் வீடு வரும். கடைத் தம்பி வறுத்துத் தருவார், அத்தை மோந்து சொல்வார், நான் நோட்டில் எழுதுவேன். பெரும்பாலான தேதிகளில் ஐந்தும் சுத்தம். மின்சாரம் போய்ப் பல்பர் பாதியில் நின்ற ஒரு நாளின் பையில் இரண்டு டம்ளர் கெட்டது. அந்தத் தொட்டி மூட்டைகளை அப்பா பிரித்துப் பொதுச் சரக்கோடு விற்றுவிட்டு, மற்றதை மட்டும் வறுவல்காரருக்குக் கொடுத்தார், நோட்டின் நகலோடு. அவரும் போன வருஷத்தைவிடக் கூட்டிக் கொடுத்தார். மழைக்கு முன்னால் தொட்டியின் சதுர மூலைகளைச் சிமெண்டு வைத்து வளைவாகப் பூச ஆள் சொல்லியிருக்கிறது.